32 மி.மீ. கதவும் 4 சதுர மி.மீ. வயரும்: ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒப்பந்தப் பட்டியலைச் சரிபார்த்த அனுபவம்

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்தை அடுத்த ஒரு பகுதியில் வீடு வாங்க முடிவு செய்தார்கள். கீழே வாகன நிறுத்தம், மேலே ஐந்து தளங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாம் தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. விலை 64 லட்சம். அப்போது கட்டடம் இரண்டாம் தளம் வரைதான் எழும்பியிருந்தது. கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு வாரம் இருக்கையில் அதன் வரைவை எனக்கு அனுப்பினார்கள். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, திட்ட அனுமதி எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். ஒப்பந்தத்தின் பிரிவுகளையும் அவர் வரிவரியாகப் படித்துத் திருத்தம் சொல்லியிருந்தார். கடைசி இரண்டு பக்கங்களை மட்டும், "இது கட்டட வேலை சம்பந்தப்பட்டது, பொறியாளர் யாரிடமாவது காட்டுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டு பக்கங்கள்தான் ஸ்பெசிஃபிகேஷன் பட்டியல். ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்கள் வீடு யாருடையது, எப்போது கிடைக்கும், பணம் எப்போது கட்டவேண்டும் என்று சொல்கின்றன. கையில் கிடைக்கப்போகும் பொருள் என்ன என்பதைச் சொல்வது இந்த இரண்டு பக்கங்கள் மட்டுமே. கட்டடப் பணித்தளங்களில் தரச் சோதனை வேலை பார்த்தவன் நான். இந்தப் பக்கங்களை வாங்குபவர்கள் புரட்டிவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

பட்டியலைப் படித்த முதல் இரவு

பட்டியலில் 27 வரிகள் இருந்தன. அடித்தளம், தூண், சுவர், பூச்சு, தரை, கதவு, ஜன்னல், மின்சாரம், குழாய், வண்ணம், லிஃப்ட் என்று தலைப்புகள். அக்கா மகளை அருகில் உட்காரவைத்து, கையில் பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: இந்த வரியை நாளை நேரில் போய் அளந்தோ, எண்ணியோ, அச்சிட்ட எழுத்தைப் படித்தோ சரியா தவறா என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் டிக், முடியாது என்றால் வட்டம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 11 டிக், 16 வட்டம்.

வட்டமிட்ட வரிகளில் திரும்பத் திரும்ப வந்த சொற்களைப் பாருங்கள்: உயர்தர, முன்னணி நிறுவனத்தின், போதுமான, தேவைக்கேற்ப, அல்லது இணையான. "ஒவ்வோர் அறையிலும் போதுமான மின்புள்ளிகள்" என்று ஒரு வரி. படுக்கையறையில் இரண்டு பிளக் வைத்தாலும் போதுமானதுதான், ஆறு வைத்தாலும் போதுமானதுதான். "உயர்தர நீர்த்தடுப்பு செய்யப்படும்" என்று இன்னொன்று. எங்கே, எத்தனை பூச்சு, எப்படிச் சோதிப்பது, எதுவும் இல்லை. இந்த மாதிரி வரிகளை எந்தக் கட்டுநரும் மீறவே முடியாது, ஏனென்றால் அவற்றில் மீறுவதற்கு ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் மாறாக, டிக் போட்ட சில வரிகள் அருமையாக இருந்தன. "கழிவறைச் சுவர் டைல்: 7 அடி உயரம் வரை." டேப்பை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "லிஃப்ட்: 6 பேர், 408 கிலோ." ஒருவருக்கு 68 கிலோ என்று கணக்கிட்டால் ஆறு பேருக்கு 408. லிஃப்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தால் போதும்.

எல்லா வட்டங்களையும் டிக் ஆக்க முயலவில்லை. 16 கேள்விகளோடு போனால் எதிரில் இருப்பவர் ஒன்றையும் படிக்கமாட்டார். முடிந்த பிறகு மறைந்துபோகிறவை எவை, பிறகு மாற்றினால் சுவரையோ தரையையோ உடைக்கவேண்டியவை எவை என்று பிரித்தோம். ஆறு தேறின. அவற்றுக்கு மட்டும் மாற்று வாசகங்களை நாங்களே எழுதி, ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்தோம். மின்கம்பியின் தடிமன், ஒவ்வோர் அறையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை காட்டும் மின் வரைபடம், கழிவறை நீர்த்தடுப்புச் சோதனை, தண்ணீர்க் குழாயின் வகை, தரை டைல் விஷயத்தில் 'இணையான' என்ற சொல்லின் பொருள், பணித்தளத்தைப் பார்க்க அனுமதி. ஒவ்வொரு கட்டத் தவணையையும் கட்டிய பிறகு, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று கடைசி வாசகத்தை எழுதினோம்.

கட்டுநரின் மேலாளர் முதலில் தயங்கினார். "எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தான் சார், உங்களுக்கு மட்டும் எப்படி மாற்றுவது" என்றார். மாற்றச் சொல்லவில்லை, விளக்கம் எழுதித் தரச் சொல்கிறோம் என்றோம். உண்மையும் அதுதான். நாங்கள் கூடுதலாக எதையும் கேட்கவில்லை. அவர்கள் வழக்கமாகச் செய்வதாக வாயால் சொன்னதையே எழுத்தில் கேட்டோம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும், விற்பனை ஒப்பந்தத்தில் கட்டுமானத்தின் விவரக்குறிப்புகள் இருக்கவேண்டும் என்றே சொல்கிறது. மூன்று நாள் கழித்து ஆறையும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.

ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா என்று அந்த ஆறில் கேட்க மறந்துபோனோம். விளம்பரக் கையேட்டின் படத்தில் வலை இருந்தது. பட்டியலில், "இரண்டு கதவுகள் கொண்ட யு.பி.வி.சி. சறுக்கு ஜன்னல், 5 மி.மீ. கண்ணாடி" என்று மட்டும் இருந்தது. படத்தைப் பார்த்த கண் பட்டியலில் இல்லாததையும் இருப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டது. படிக்கையில் இருக்கும் வரிகளைச் சோதிப்பது எளிது. இல்லாத வரியைக் கண்டுபிடிக்கவேண்டுமானால், வீட்டு வாசலிலிருந்து பால்கனி வரை மனத்துக்குள் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் வரி தேடவேண்டும். நான் அதைச் செய்திருக்கவேண்டும்.

வயரின் இரு முனைகள்

இணைப்பில் மின்கம்பி பற்றி இப்படி எழுதியிருந்தோம்: விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மி.மீ.; 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்து தனித்தனியாக 4 சதுர மி.மீ.; எல்லாம் தாமிரம், ஐ.எஸ். 694 முத்திரை உள்ளவை.

இதைச் சரிபார்க்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். சுவருக்குள் புதைத்த பைப்புகளின் வழியாக வயரை இழுத்து முடித்திருக்கவேண்டும், ஆனால் சுவிட்சுகளைப் பொருத்தித் தகடு மூடியிருக்கக்கூடாது. அந்த நாட்களில் ஒவ்வொரு இரும்புப் பெட்டியிலும் வயர்களின் நுனிகள் தொங்கிக்கொண்டிருக்கும். வயரின் மேலுறையில் தயாரிப்பாளர் பெயர், தரநிலை எண், தடிமன் எல்லாம் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கும். கைப்பேசி வெளிச்சத்தில் அதைப் படிக்கப் பொறியாளர் தேவையில்லை, கண் தெரிந்த யாரும் படிக்கலாம்.

பூச்சுத் தவணையைக் கட்டிய பிறகு நாங்கள் போனது சரியான நேரமாக அமைந்தது. முதல் படுக்கையறையின் ஏ.சி. புள்ளியில் தொங்கிய வயரில் 2.5 என்று அச்சிட்டிருந்தது. இரண்டாம் படுக்கையறையில் 4 என்று இருந்தது. ஒன்று தவறு, ஒன்று சரி என்று எழுதிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பத் தயாரானார். நான் அவரை டி.பி. பெட்டிக்கு அழைத்துப் போனேன். அங்கே வந்து சேரும் வயர்க் கொத்தில் எது எந்த அறையுடையது என்று பார்த்தால் தெரியாது. அதற்கு எளிய வழி, அறையின் பக்கம் இரண்டு நுனிகளின் தாமிரத்தை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, பெட்டிப் பக்கம் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது. எந்த இரண்டு வயர்களை இணைக்கும்போது மீட்டர் ஒலிக்கிறதோ, அவையே அந்த அறையின் வயர்கள். மின் இணைப்பே வராத கட்டத்தில்தான் இதைச் செய்யலாம். இரண்டாம் படுக்கையறையின் ஏ.சி. வயர் பெட்டியில் வந்து சேர்ந்த இடத்தில் அச்சு 2.5 என்று இருந்தது.

ஒரு முனையில் 4, மறுமுனையில் 2.5. நடுவில் எங்கோ இணைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. எலக்ட்ரீஷியனைக் கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். 4 சதுர மி.மீ. சுருள் பாதியில் தீர்ந்துபோனது, மறுநாள் வரும் என்றார்கள், வரவில்லை, கையில் இருந்ததைக் கூரையில் உள்ள பெட்டியில் இணைத்து இழுத்துவிட்டோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் வராத பணித்தளத்தில் தொழிலாளிக்கு வேறு வழி இருப்பதில்லை.

தளப் பொறியாளர் வந்து, "சார், ஒன்றரை டன் ஏ.சி. எட்டு ஆம்பியர்கூட இழுக்காது. 2.5 வயர் தாராளமாகப் போதும்" என்றார். இந்த இடத்தில் நேர்மையாகப் பேசவேண்டும். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு கிலோவாட் கீசரே 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குள்தான் எடுக்கும். வெறும் மின்னோட்டக் கணக்கில் 2.5 தாங்கும். ஆனால் டி.பி. பெட்டியில் அந்த மின்சுற்றுகளுக்கு 4 சதுர மி.மீ. வயரை மனத்தில் வைத்து, மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி.யை 25 ஆம்பியர் அளவில் ஒதுக்கியிருந்தார்கள். எம்.சி.பி. முதலில் காப்பது வயரைத்தான். வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள் அது துண்டிக்கவேண்டும். நம் ஊர் வெப்பத்தில், சுவருக்குள் புதைந்த பைப்பில் ஓடும் 2.5 வயருக்கு 20 ஆம்பியருக்கு மேல் நான் நம்பமாட்டேன். 25 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழே அந்த வயர் இருந்தால், எம்.சி.பி. சும்மா இருக்கும்போதே வயர் சூடேற வாய்ப்பிருக்கிறது. அதோடு, கூரைப் பெட்டிக்குள் இருக்கும் அந்த இணைப்புத்தான் பிற்காலத்தில் முதலில் தளர்ந்து கருகும் இடம்.

இதையெல்லாம் சொன்னேன். ஆனால் வாதத்தை முடித்தது மாப்பிள்ளை காட்டிய காகிதம். 4 என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கும்போது, 2.5 போதுமா போதாதா என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வரி இல்லாமல் போயிருந்தால், "ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தாமிரக் கம்பி" என்ற பழைய வாசகத்தின்படி அவர்கள் செய்தது முற்றிலும் சரி என்றாகியிருக்கும். பத்து நாட்களில் இரண்டு அறைகளிலும் வயரை உருவிவிட்டு, இணைப்பு இல்லாமல் ஒரே நீளமாக 4 சதுர மி.மீ. இழுத்தார்கள். பைப் ஏற்கெனவே இருந்ததால் சுவரைத் தொடவேண்டியிருக்கவில்லை. வீடு ஒப்படைக்கும் நாளில் இது தெரியவந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. மறுபடி போய் இரண்டு முனைகளையும் படித்து, படம் எடுத்துக்கொண்டோம்.

48 மணி நேரத் தண்ணீர்

கழிவறை நீர்த்தடுப்பு வரியை, "டைல் பதிக்கும் முன் 48 மணி நேர நீர்த்தேக்கச் சோதனை, வாங்குபவர் பார்வையிடலாம்" என்று மாற்றியிருந்தோம். என்ன மருந்து பூசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் ஆயிரம் வகை உண்டு, வாளியின் மேல் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் நாம் உத்தரவாதம் தரமுடியாது. தண்ணீர் இறங்குகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சோதனை எளிது. கழிவறையின் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்ந்திருக்கும். தரைக் குழிக் குழாய்களின் வாயை அடைத்துவிட்டு இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் மட்டக் கோடு போட்டு வைப்பார்கள். மேலே கோட்டைப் பார்ப்பதைவிட முக்கியம், கீழ்த்தளத்து வீட்டுக்குப் போய் அதே இடத்தின் அடிப்புறத்தைப் பார்ப்பது. தண்ணீர் ஆவியாகியும் கொஞ்சம் குறையும், ஆனால் அடிப்புறக் கான்கிரீட்டில் ஈரம் தெரிந்தால் அதற்கு வேறு காரணம் கிடையாது.

முதல் நாள் மாலை ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மாலையில், தரைக் குழிக் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருத்த வட்டம் தெரிந்தது. பெரும்பாலும் கசிவது இப்படிக் குழாய் நுழையும் இடங்களில்தான், தளத்தின் நடுவில் அல்ல. 24 மணி நேரத்தோடு சோதனையை முடித்திருந்தால் இதைப் பார்த்திருக்கமாட்டோம். குழாயைச் சுற்றிக் கொத்தி எடுத்து, சுருங்காத கலவையால் அடைத்து, மேலே மறுபடி பூசி, மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினார்கள். இந்த முறை காய்ந்தே இருந்தது. டைல் போட்ட பிறகு வெளிப்பட்டிருந்தால், கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்ல, மேல்வீட்டில் தரையை உடைக்கும் சண்டையாக முடிந்திருக்கும்.

'இணையான' டைலும் ஒரு பண்டமாற்றும்

மூன்றாம் முறை போனபோது வாகன நிறுத்தத்தில் டைல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பட்டியலில் வரவேற்பறைக்கு, "800 × 800 மி.மீ. டபுள் சார்ஜ் விட்ரிஃபைட் டைல், முன்னணி நிறுவனம் அல்லது இணையானது" என்று இருந்தது. இணைப்பில் நாங்கள் சேர்த்த விளக்கம்: இணையானது என்றால் அதே வகை, அதே அளவு, தயாரிப்பாளரின் விலைப்பட்டியலில் குறையாத விலை, மாற்றுவதற்கு முன் வாங்குபவரின் எழுத்து வழி ஒப்புதல்.

பெட்டியின் மேல் அளவு சரியாக இருந்தது. வகை வேறு: கிளேஸ்டு விட்ரிஃபைட். பெட்டியைப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த வேறுபாட்டை உடைந்த துண்டில் பார்க்கலாம். டைல் வெட்டும் இடத்தில் கழிவுத் துண்டு எப்போதும் கிடக்கும். அதன் வெட்டு விளிம்பைப் பாருங்கள். டபுள் சார்ஜ் என்றால் மேலே மூன்று, நான்கு மி.மீ. தடிமனுக்கு வேறு நிறத்தில் ஓர் அடுக்கு தெரியும், வடிவமைப்பு அந்த அடுக்கு முழுவதும் ஊடுருவியிருக்கும். கிளேஸ்டு என்றால் உடம்பு முழுக்க ஒரே நிறம், மேலே மெல்லிய தாள் ஒட்டியதுபோல் அச்சிட்ட படலம். முதலாவதில் கீறல் விழுந்தாலும் கீழே அதே நிறம். இரண்டாவதில் படலம் தேய்ந்தால் வடிவமும் போய்விடும்.

மேலாளர், "இதுவும் அதே விலைதான் சார், பார்க்க இன்னும் அழகு" என்றார். விலைப்பட்டியலைக் காட்டினார், சொன்னது உண்மை. தரக்குறைவான பொருளைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது வேறு வகை. மேற்படி சட்டத்தின் 14-ஆம் பிரிவும், ஒப்புக்கொண்ட விவரக்குறிப்புகளையும் பொருத்துப் பொருள்களின் தன்மையையும் வீட்டை வாங்குபவரின் முன் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது என்கிறது. எங்கள் இணைப்பு வாசகமும் அதையேதான் சொன்னது.

நான் மறுத்துவிடச் சொல்லத் தயாராக இருந்தேன். அக்கா மகள் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நாங்கள் செருப்பை வெளியே விடுகிறவர்கள், நாற்காலிக் கால்களுக்கு உறை போட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லியே தீரவேண்டுமா?" என்றாள். சொல்லவேண்டியதில்லை. ஒப்புதல் கேட்கும் உரிமை அவளுடையது, கொடுப்பதும் அவளுடைய விருப்பம். என் கைக்கு டபுள் சார்ஜ்தான் வரும், இப்போதும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அது அவள் வீடு.

அப்போது மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார். ஒப்புதலைச் சும்மா கொடுக்கவேண்டாம், கொசுவலையைக் கேட்போம் என்றார். ஜன்னல்களுக்கு இன்னும் ஆர்டர் போகவில்லை. வலை வேண்டுமானால் கண்ணாடிக் கதவுகளுக்கு இரண்டு தடங்களோடு வலைக்கென்று இன்னொரு தடமும் சட்டத்திலேயே வரவேண்டும். பொருத்திய பிறகு சேர்க்கமுடியாது, முழுச் சட்டத்தையும் மாற்றவேண்டியிருக்கும். விளம்பரக் கையேட்டின் படத்தையும் எடுத்துக் காட்டினோம். விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்படைந்தவருக்கு ஈடு தரவேண்டும் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ஒரு கொசுவலைக்காக வழக்காடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மேலாளர் ஒரு நாள் அவகாசம் கேட்டு, ஒப்புக்கொண்டார். டைல் மாற்றத்துக்கு எங்கள் ஒப்புதல், ஐந்து ஜன்னல்களுக்கு வலைத் தடமும் துருப்பிடிக்காத எஃகு வலையும். ஒரே தாளில் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்டோம்.

தோற்றுப்போன வரி

உள்ளறைக் கதவுகளுக்குப் பட்டியலில், "32 மி.மீ. ஃப்ளஷ் கதவு, இருபுறமும் லேமினேட்" என்று இருந்தது. எண் இருந்ததால் நான் அதற்கு முதல் இரவே டிக் போட்டுவிட்டேன். கதவுகள் வந்ததும் விளிம்பில் காலிப்பர் வைத்தேன். 32 மி.மீ. சரியாகவே இருந்தது. ஆனால் கீல் பக்கம் லேமினேட்டின் கோட்டைப் பார்த்தால், உள்ளே கதவுப் பலகை 30 மி.மீ., இருபுறமும் ஒவ்வொரு மி.மீ. லேமினேட்.

ஃப்ளஷ் கதவுகளுக்கான ஐ.எஸ். 2202 தரநிலையில் 30, 35 மி.மீ. போன்ற தடிமன்கள் உண்டு. கடைகளில் 32 மி.மீ. பலகையும் கிடைக்கிறது. பட்டியலில் சொன்னது பலகையின் தடிமனா, லேமினேட்டோடு சேர்த்தா? வாசகத்தை நான்கு முறை படித்தேன். "32 மி.மீ. ஃப்ளஷ் கதவு" என்பதை முதலில் சொல்லி லேமினேட்டைப் பிறகு சொன்னதால் பலகைதான் 32 என்று நான் வாதிட்டேன். முடிந்த கதவு 32 என்று அவர்கள் வாதிட்டார்கள். மூன்றாம் ஆளாக நின்று பார்த்தால் இரண்டு பொருளும் வருகிறது. "லேமினேட் நீங்கலாக" என்ற இரண்டு சொற்களை எழுதாத குறை என்னுடையது. விட்டுக்கொடுத்தோம்.

ஆனால் அதே கதவுகளில் வேறொன்றைப் பிடித்தோம். கழிவறைக் கதவின் அடிவிளிம்பு. நின்று பார்த்தால் தெரியாத இடம் அது. கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துச் சாய்த்தால், அல்லது கதவின் கீழே விரலை ஓட்டினால் தெரியும். அறுத்த மரம் எந்தப் பூச்சும் இல்லாமல் பச்சையாக இருந்தது. பட்டியலில் "தண்ணீர் தாங்கும் கதவு" என்ற வரி இருந்தது. தண்ணீர் படும் விளிம்பு மூடப்படாத கதவு, பலகை எந்தத் தரமானாலும், சில ஆண்டுகளில் அடியிலிருந்து ஊறி உப்பும். இரண்டு கதவுகளையும் கழற்றி, அடியிலும் மேலேயும் விளிம்பை அடைத்து மாட்டினார்கள்.

சாவி வாங்கும் நாள்

கடைசித் தவணை 5 சதவீதம், அதாவது 3,20,000 ரூபாய், வீட்டை ஒப்படைக்கும்போது கட்டவேண்டியது. அதற்கு முந்தின வாரம் நிறைவுச் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு, ஒரு முழுக் காலையை வீட்டில் செலவிட்டோம். பெரும்பாலான வரிகளை முன்பே பார்த்துவிட்டதால் இப்போது வேலை குறைவு. கழிவறைச் சுவர் டைல் முடிந்த தரையிலிருந்து 7 அடி இருந்தது. டி.பி. பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே துண்டித்தது. மின் வரைபடத்தோடு புள்ளிகளை எண்ணியதில் சமையலறையில் ஒரு பிளக் குறைந்தது. மறுநாளே வைத்தார்கள்.

தரையை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தோம். அடியில் கலவை நிறைந்த டைல் மந்தமாக ஒலிக்கும், வெற்றிடம் இருந்தால் பொள்ளென்று கேட்கும். ஒரு மூலையில் மட்டும் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நடுவிலும் கேட்டால் கனமான பொருள் விழும் நாளில் விரிசல் விடும். நடுவில் பொள்ளலாக ஒலித்த ஒன்பது டைல்களில் பென்சிலால் குறியிட்டோம்.

அப்போது ஒப்படைப்புக் கடிதம் வந்தது. "வீட்டை முழுமையாகப் பார்வையிட்டு, அனைத்தும் ஒப்பந்தப்படி இருப்பதில் திருப்தி அடைந்து பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. சாவி எதிரில் இருக்கும்போது யாருக்கும் கை தானாகவே கையெழுத்துப் போட்டுவிடும். மாப்பிள்ளை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பதை அடித்துவிட்டு, "இணைத்துள்ள குறைப் பட்டியல் நீங்கலாக" என்று எழுதினார். ஒன்பது டைல்கள், பால்கனிக் கதவின் தாழ் சரியாக விழாதது, ஒரு சுவரில் வண்ணத் திட்டு. அந்தப் பட்டியலில் மேலாளரிடமும் கையெழுத்து வாங்கினோம். பணத்தைப் பிடித்து வைக்கவில்லை, முழுவதும் கட்டினோம். ஒப்பந்தத்தில் பிடித்துவைக்க இடம் கொடுக்கும் வாசகம் இல்லை, தாமதித்தால் வட்டி நம் தலையில் விழும். கையெழுத்திட்ட பட்டியல் அதைவிட உறுதியானது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ குறை தெரியவந்தால், தெரிவித்த 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யவேண்டும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது.

தாழும் வண்ணமும் இரண்டு வாரத்தில் சரியாகின. டைல்களுக்கு ஆள் வரவில்லை. 20-ஆம் நாள் அக்கா மகள் குறைப் பட்டியலின் நகலை இணைத்து, ஒப்படைத்த தேதியையும் 14-ஆம் பிரிவையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். 28-ஆம் நாள் கொத்தனார் வந்தார். அதே தொகுதி எண்ணுள்ள டைல்களில் சில பெட்டிகளை நாங்கள் முன்பே கேட்டு வாங்கி பரணில் வைத்திருந்தோம். உற்பத்தித் தொகுதி மாறினால் நிறம் ஒட்டாது. ஒன்பதையும் மாற்றிவிட்டார். மீதி மூன்று டைல்கள் இப்போதும் பரணில் இருக்கின்றன. வயரின் இரு முனைகள், தண்ணீர் நின்ற கழிவறை, கதவின் அடிவிளிம்பு ஆகியவற்றின் படங்களும் கையெழுத்திட்ட மூன்று தாள்களும் ஒரே கோப்பில் இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டு முடியும் தேதியை அட்டையின் மேல் அவள் எழுதி வைத்திருக்கிறாள்.